உறையும் ரெகுலேட்டரும் சூடாகும் ஹைட்ரஜனும் (வாசகர் கடிதம்)

ஐயா, குளச்சலில் படகு வெல்டிங் ஷெட் வைத்திருக்கிறேன். சிஓ2 சிலிண்டரின் ரெகுலேட்டரில் வேலை ஓட ஓட வெள்ளையாகப் பனி படிந்து கேஸ் அடைத்துக்கொள்கிறது. அதற்கு ஹீட்டர் மாட்டியிருக்கிறோம். ஆனால் பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகன், ஹைட்ரஜனை இப்படி வால்வு வழியே விட்டால் சூடாகும் என்கிறான். அழுத்தம் குறைந்தால் எந்த வாயுவும் குளிரத்தானே வேண்டும்?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகன் சொல்வது சரி. ஆனால் அதை ஹைட்ரஜனின் நிரந்தரக் குணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஹைட்ரஜன் ஒரு வெப்பநிலையில் சூடாகும், இன்னொன்றில் குளிரும். உங்கள் கார்பன் டை ஆக்சைடும் அப்படித்தான்.

வால்வின் சின்னத் துளையில் வாயு நெருக்கிக்கொண்டு போகும்போது வெளியிலிருந்து வெப்பம் வருவதில்லை, வாயு எந்த இயந்திரத்தையும் சுற்றுவதும் இல்லை. பின்னால் இருக்கும் வாயு அதை உள்ளே தள்ளுகிறது, அது முன்னால் இருப்பதைத் தள்ளுகிறது. அழுத்தம் குறைந்ததும் மூலக்கூறுகள் விலகுகின்றன. அவற்றுக்குள் ஈர்ப்பு இருப்பதால் விலகுவதற்கு ஆற்றல் செலவாகிறது. அது அவற்றின் வேகத்திலிருந்தே போகிறது, அதனால் குளிர்கிறது. இன்னொரு பக்கம், மூலக்கூறுகளுக்கென்று ஒரு பருமன் உண்டு. ஒன்றுக்குள் ஒன்று புக முடியாது. நெருக்கத்தில் இந்த விலக்கம் ஓங்கியிருந்தால், உள்ளே தள்ளச் செலவாகும் வேலை வெளியே தள்ளும் வேலையைவிட அதிகமாகிவிடும். அந்த மிச்சம் வாயுவிலேயே தங்கிச் சூடாகிறது.

இதில் எது ஜெயிக்கும் என்பதை வெப்பநிலை முடிவு செய்கிறது. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாக் கூட்டத்தில் மெதுவாக நடப்பவன் தெரிந்த முகத்தைக் கண்டால் நின்று பேசுவான். தலைதெறிக்க ஓடுகிறவன் தோளில் மோதிக்கொண்டுதான் போவான். சூடான வாயுவின் மூலக்கூறுகளுக்கு ஈர்ப்பு ஒரு பொருட்டில்லை, மோதல்தான் மிச்சம். குளிர்ந்த வாயுவில் ஈர்ப்பு வேலை செய்கிறது. இரண்டும் சரிக்குச் சரியாகும் வெப்பநிலைதான் தலைகீழ் வெப்பநிலை. அதற்குக் கீழே குளிரும், மேலே சூடாகும். (மிக உயர்ந்த அழுத்தத்தில் கீழேயும் சூடாகும், நம் சிலிண்டர்களுக்கு அது வேண்டாம்.)

வான் டெர் வால்ஸ் சமன்பாட்டில் ஈர்ப்புக்கு a, பருமனுக்கு b. R வாயு மாறிலி. அழுத்தம் குறைவாக இருக்கும்போது தலைகீழ் வெப்பநிலை T-க்குக் கணக்கு இவ்வளவுதான்:

T = 2a / (R b)

ஹைட்ரஜனுக்கு a 0.245, b 0.0265 (பார், லிட்டர், மோல் அலகுகளில்), R 0.0831. போட்டுப் பார்த்தால் 223 கெல்வின் வரும். அளந்து கண்டது ஏறத்தாழ 200 கெல்வின், அதாவது மைனஸ் 70 டிகிரி செல்சியஸ். எளிய சமன்பாட்டுக்கு இது மோசமில்லை. நைட்ரஜனுக்கு அளந்த மதிப்பு 621 கெல்வின், சுமார் 350 டிகிரி செல்சியஸ். கார்பன் டை ஆக்சைடுக்கு ஆயிரம் டிகிரியையும் தாண்டும்.

ஆக, குளச்சல் வெயில் ஹைட்ரஜனுக்கு ரொம்பச் சூடு, உங்கள் சிஓ2-வுக்குக் கடுங்குளிர். சிஓ2 ஒரு பார் இறங்கினால் ஏறத்தாழ ஒரு டிகிரி குளிரும், அழுத்தம் கூடிய இடத்தில் இன்னும் அதிகம். அறுபது பார் ஒரே துளையில் இறங்கும்போது உறையாமல் என்ன செய்யும்? வெளியே படியும் வெள்ளை, கடற்காற்றின் ஈரம். அது பார்வைக்கு மட்டும்தான். அடைப்பது உள்ளே: வாயுவில் கலந்த ஈரம் பனிக்கட்டியாகும், அல்லது சிஓ2-வே உலர் பனியாகும். அதனால்தான் ஹீட்டர் அழுத்தம் இறங்கும் இடத்துக்கு முன்னால் இருக்க வேண்டும்.

ஹைட்ரஜனோ சாதாரண வெப்பநிலையில் ஒரு பாருக்கு 0.03 டிகிரிதான் ஏறும். 200 பார் இறங்கினாலும் ஆறு டிகிரி. கசியும் ஹைட்ரஜன் இந்தச் சூட்டில் தானே தீப்பிடிக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. அது தானாகப் பற்ற 500 டிகிரிக்கு மேல் வேண்டும். தீ வந்தால் வேறு காரணத்தைத் தேடுங்கள்.

இதே வால்வை வைத்து ஹைட்ரஜனைத் திரவமாக்கவும் செய்யலாம், முதலில் தலைகீழ் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோய்விட்டால். 1898-இல் ஜேம்ஸ் டேவார் திரவக் காற்றால் முன்கூட்டியே குளிரவைத்துத்தான் ஹைட்ரஜனைத் திரவமாக்கினார். ஆரல்வாய்மொழி தாண்டி மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதனைக்குப் பயன்படும் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி.

உங்கள் மகன் இதைச் சோதித்துப் பார்க்க நினைத்தால், பலூன்காரரின் ஹீலியம் போதும். அதன் தலைகீழ் வெப்பநிலை இன்னும் கீழே, 40 கெல்வின் பக்கம். ஒன்று மட்டும் கவனம்: வேகமாகத் திறந்தால் ஹீலியம் சிலிண்டரின் உடம்பும் குளிரும். அது வால்வின் வேலை அல்ல. உள்ளே மிஞ்சிய வாயு, வெளியேறும் வாயுவைத் தள்ளி வேலை செய்வதால் வரும் குளிர். எனவே சிலிண்டரைத் தொட்டு முடிவு செய்யக் கூடாது. கொஞ்சமாகத் திறந்து, வால்வுக்குச் சற்று முன்னும் பின்னும் வெப்பமானி வைத்து இரண்டையும் ஒப்பிட வேண்டும்.