மலிவு நூலின் கணக்கு

சேர், மருதமுனையில் வாப்பாவின் தறிக் கணக்கை நான்தான் பார்க்கிறேன். போன மாதம் 500 சாரம் திட்டம், 450தான் நெய்தோம். நியமக் கிரய அட்டையில் ஒரு சாரத்துக்கு 0.4 கிலோ நூல், கிலோ 2,000 ரூபா. 3 மணித்தியாலம், மணிக்கு 250 ரூபா. நடந்தது: 198 கிலோ நூல் 1,900 படி வாங்கி முழுதும் முடிந்தது, 1,480 மணித்தியாலத்துக்கு 260 படி கூலி. அட்டைக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசமான முரண்களைப் போட்டால், கூலி வீதத்தைத் தவிர எல்லாம் சாதகமாக வருகிறது, ஆனால் கையில் காசு இல்லை. எங்கே பிழை?
- ஒரு வாசகி

தங்கச்சி, பிழை 500இல் இருக்கிறது. 500 சாரத்துக்கு 200 கிலோ, நாங்கள் 198தான் பாவித்தோம், 2 கிலோ மிச்சம் என்று போட்டிருப்பீர்கள். நெய்யாத 50 சாரத்துக்கு எதற்கு நூல்? நெய்த 450க்கு அட்டை தருவது 180 கிலோதான், ஆக 18 கிலோ கூடுதலாகப் போயிருக்கிறது. அதை அட்டை விலையான 2,000ஆல் பெருக்கினால் பாவனை முரண் 36,000 பாதகம். இங்கே 1,900ஐப் போடக் கூடாது, விலையின் லாபத்தை ஏற்கெனவே தனியாக எடுத்துவிட்டோம்: 198 கிலோவுக்கு நூறு நூறாக 19,800 சாதகம்.

கூலியிலும் அதே கதைதான். 450 சாரத்துக்கு 1,350 மணித்தியாலம் போதும், 130 கூடிவிட்டது, வினைத்திறன் முரண் 32,500 பாதகம். மணிக்கு 10 ரூபா கூடக் கொடுத்ததால் வீத முரண் 14,800, அதுவும் பாதகம். நான்கையும் சேர்த்தால் 63,500 ரூபா பாதகம். கையில் காசு இல்லாததற்குக் காரணம் அதுதான்.

இனித்தான் விஷயம். இந்த முரண்களைத் தனித்தனியாகப் பார்த்தால் நூல் வாங்கியவர் கெட்டிக்காரர், நெய்தவர்கள் சோம்பேறிகள் என்று ஆகிவிடும், எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மலிவு நூல் அடிக்கடி அறும். பாவு அறுந்தால் தறியை நிற்பாட்டி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் திரும்ப மிதிக்க வேண்டும், அதில் நேரமும் போகும் நூலும் போகும். அப்படியென்றால் 19,800 மிச்சம் பிடித்த அதே கொள்வனவுதான் 36,000ஐயும் 32,500இல் ஒரு பங்கையும் தின்றிருக்கிறது. ஒரு பங்கு என்று சொல்வதற்குக் காரணம், நூல் வந்து சேரும்வரை ஆட்கள் சும்மா இருந்த நேரமும் அந்த 1,480க்குள் இருக்கலாம். இருந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள், அது நெசவின் வேகமில்லை.

ஆனால் நூல்தான் குற்றவாளி என்று நான் இங்கே மட்டக்களப்பில் இருந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. முடிந்த சாரம் பத்தை எடுத்து நிறுத்துப் பாருங்கள், பழைய நூலில் நெய்ததையும் பத்து நிறுங்கள். எடை ஒன்றாக இருந்தால் கூடுதல் நூல் கழிவு மூட்டைக்குள் போயிருக்கிறது, அறுந்த கதை சரி. புதியது பாரமாக இருந்தால் நூலே தடிப்பம், அதற்கு நெசவாளரை ஏசிப் பிரயோசனமில்லை, கடைக்காரரிடம்தான் போக வேண்டும்.