வெப்பநிலை அசையவில்லை, வால்வு மட்டும் ஏறுகிறது: ட்ரெண்ட், அலாரம் கேள்வி பதில்

இருபது வருடங்களாக டெய்ரிகளில் கருவி, ஆட்டோமேஷன் வேலை பார்க்கிறேன். எச்.எம்.ஐ. திரையில் ட்ரெண்டையும் பழைய அலாரம் பட்டியலையும் வைத்து, மெல்ல நடக்கும் மாற்றத்தை எப்படிப் பிடிப்பது என்று கேட்டவர்களுக்கு இந்தப் பதில்கள். எனக்குத் தெரிந்த எந்திரம் பாஸ்ச்சுரைசர்தான், அதனால் உதாரணமும் அங்கிருந்தே வரும்.

ஷிஃப்ட் இன்சார்ஜ்: பால் வெப்பநிலை 74 டிகிரியிலேயே நிற்கிறது, ட்ரெண்டில் ஓர் அசைவும் இல்லை. ஆனால் பாய்லர்க்காரர் ஸ்டீம் அதிகம் போகிறது என்கிறார். எதைப் பார்ப்பது மேடம்?

வெப்பநிலைக் கோடு நேராக நிற்பது கன்ட்ரோலர் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. உள்ளே ஏதாவது கெட்டுப்போனால் கன்ட்ரோலர் அதை வால்வைத் திறந்து ஈடுகட்டிவிடும். நீங்கள் பார்க்க வேண்டியது ஸ்டீம் வால்வுக்குப் போகும் அவுட்புட் கோடு.

அதையும் சும்மா ஒரு மாதத்துக்கு இழுத்துப் பார்த்தால் ரம்பப் பல் மாதிரிதான் தெரியும். ஒவ்வொரு நாளும் உற்பத்தி போகப் போகப் பாலைச் சூடாக்கும் தட்டுகளில் படிவு ஏறும், வால்வும் ஏறும். இரவு எந்திரத்தைக் கழற்றாமல் உள்ளேயே கழுவும் சி.ஐ.பி. முடிந்ததும் கீழே வரும். அந்தப் பல்லின் உச்சியை விடுங்கள், அடியைப் பாருங்கள். உற்பத்தி தொடங்கி 30 நிமிடம் கழித்து, அதே பால் ஓட்டத்தில், தினமும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிகள் நாளுக்கு நாள் ஏறினால், இரவில் கழுவியும் போகாத ஏதோ ஒன்று உள்ளே தங்குகிறது.

நான் பார்த்த ஒரு டெய்ரியில் இப்படித்தான். மணிக்கு 10,000 லிட்டர், உள்ளே வரும் பால் 4 டிகிரி, வெளியே 74. பல்லின் அடி 24 நாளில் 40 சதவீதத்திலிருந்து 58க்கு வந்திருந்தது. யாருக்கும் தெரியாது, ஏனென்றால் வால்வுக்கு அலாரம் கிடையாது, வெப்பநிலையோ அசையவில்லை.

அப்புறம் எந்தப் பகுதி என்று பிரிக்க வேண்டும். சூடான பால் தன் சூட்டை உள்ளே வரும் குளிர்ந்த பாலுக்குக் கொடுக்கும் பகுதிதான் ரீஜென், மிச்சச் சூட்டை ஹீட்டர் தரும். ரீஜெனிலிருந்து வெளியே வரும் பச்சைப் பாலின் வெப்பநிலை திரையில் எண்ணாக இருந்தது, ஆனால் ட்ரெண்டில் யாரும் சேர்க்கவில்லை. நல்லவேளை, லாக் புத்தகத்தில் கையால் எழுதி வைத்திருந்தார்கள்: 67.7 இருந்தது 64.9 ஆகியிருந்தது. மொத்தம் 70 டிகிரி ஏற்றத்தில் ரீஜென் முன்பு 91 சதவீதத்தைத் தந்தது, இப்போது 87. கேட்க நாலு சதவீதம்தான். ஆனால் ஹீட்டருக்கு மிச்சமாகும் வேலை 6.3 டிகிரியிலிருந்து 9.1 ஆகிறது. வால்வு 40லிருந்து 58க்குப் போனதற்கும் இந்தக் கணக்குக்கும் அச்சு அசலாகப் பொருந்தியது.

ரீஜென் வெப்பநிலை அப்படியே இருந்து, ஸ்டீம் சூடாக்கி ஹீட்டருக்கு அனுப்பும் சுடுநீர் லூப் மட்டும் சூடேறிக்கொண்டே போயிருந்தால் ஹீட்டர் தட்டுகளைச் சந்தேகித்திருப்பேன். இரண்டுமே மாறாமல் வால்வு மட்டும் ஏறினால் ஸ்டீம் பக்கம் போக வேண்டும்: அழுத்தம், ட்ராப், வால்வின் பொசிஷனர்.

பராமரிப்புப் பிரிவு: சரி, ரீஜென் அழுக்கு என்று தெரிந்துவிட்டது. அலாரம் பட்டியல் இதில் எங்கே வருகிறது?

ஏன் அழுக்கானது என்பதற்கு அதுதான் பதில் சொன்னது. பழைய அலாரங்களில் `CIP SUPPLY FLOW LOW` என்பதை மட்டும் வடிகட்டி, இரவு வாரியாக எண்ணினோம். முதல் வாரம் இரவுக்கு ஒன்றோ இரண்டோ. நான்காம் வாரம் 19. ஒவ்வொன்றும் 20, 30 விநாடி வந்து தானாகவே போயிருந்தது. ஆபரேட்டர் அக்னாலெட்ஜ் அழுத்திவிட்டு வேலையைப் பார்த்தார். அவர்மேல் தப்பில்லை, அலாரம் போய்விட்டதே.

அலாரம் எண்ணிக்கையும் ஒரு ட்ரெண்டுதான். ஓட்டம் எல்லைக் கோட்டை ஒட்டி ஓட ஆரம்பித்தால் முதலில் எப்போதாவது தொடும், பிறகு அடிக்கடி தொடும். சி.ஐ.பி. ஓட்டம் குறைந்தபட்சம் உற்பத்தி ஓட்டத்துக்குச் சமமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தட்டுகளுக்கு இடையில் தேய்த்துக் கழுவும் வேகம் கிடைக்காது. சப்ளை ஃபில்டரைத் திறந்தால் கிழிந்த கேஸ்கெட் துண்டும் நாரும் அடைத்திருந்தன. அதைச் சுத்தம் செய்து மூன்று இரவு கழுவியதும் வால்வு 43க்கு வந்தது. 40க்கு வரவில்லை. அதே வாரம் தட்டுக்கட்டையும் இறுக்கிவிட்டார்கள், அதனால் எது எவ்வளவு உதவியது என்று இன்றும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

எந்த கம்பெனி எச்.எம்.ஐ. வாங்கலாம்?

இந்த வேலைக்கு எதுவும் போதும்.

ட்ரெய்னி: வெயில் காலத்தில் பால் சூடாக வருமே, அதனால் வால்வு ஏறியிருக்காதா?

சூடான பால் வந்தால் வால்வு இறங்கும். ஆனால் கேட்டது நல்லது. உள்ளே வரும் வெப்பநிலையையும் அதே திரையில் போட்டுவைத்தால் இந்தச் சந்தேகமே வராது.

இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன்: மேடம், முதலில் பார்க்க வேண்டியது வெப்பநிலையை அளக்கும் ஆர்டிடி சென்சார். ஈரம் புகுந்து ஒரு டிகிரி குறைவாகக் காட்டினால் கன்ட்ரோலர் இன்னும் சூடாக்கும், வால்வு ஏறும். ஹீட்டர் செய்வதே ஆறு டிகிரி வேலை, அதில் ஒரு டிகிரி என்றால் ஆறில் ஒரு பங்கு!

திசை சரி, அளவு தவறு. பால் ஒரு டிகிரி கூடுதலாகச் சூடானால் அந்தச் சூடு ரீஜெனுக்குத் திரும்பி வருகிறது, 91 சதவீதம் அங்கேயே மீளும். ஹீட்டருக்கு மிஞ்சுவது 0.09 டிகிரி. அதாவது எழுபதில் ஒரு பங்கு. 40 சதவீத வால்வு 40.6 ஆகும், அவ்வளவுதான். ஆர்டிடியால் 58 வராது.

அதே டெக்னீஷியன்: ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறுபக்கம்? டெர்மினலில் துரு ஏறி மின்தடை கூடினால் ஆர்டிடி அதிகமாகக் காட்டும், பால் உண்மையில் குறைவாகச் சூடாகும். ட்ரெண்டில் அது தெரியுமா?

தெரியாது. இதில் நீங்கள் சொல்வதுதான் முக்கியம். இரண்டு கம்பி ஆர்டிடியில் 0.4 ஓம் கூடினாலே ஒரு டிகிரி ஏமாற்றும், மூன்று கம்பி என்றால் கம்பிகளின் தடை சமமாக இருக்கும்வரைதான் காப்பு. வால்வு அரை சதவீதம் இறங்குவதை யாரும் கண்டுபிடிக்க முடியாது. நான் செய்வது, கன்ட்ரோல் ஆர்டிடியையும் சூடான பால் தங்கிப் போகும் ஹோல்டிங் ட்யூப் முனையில், சூடு போதாத பாலைத் திருப்பிவிடும் டைவர்ட்டுக்கு இருக்கும் ஆர்டிடியையும் கழித்து, அந்த வித்தியாசத்தைத் தனிக் கோடாகப் போடுவது. ட்யூபில் கொஞ்சம் சூடு இழப்பதால் வித்தியாசம் பூச்சியமாக இராது, ஆனால் மாறாமல் இருக்க வேண்டும்.

வேறொருவர்: இரண்டும் ஒரே பேட்ச் ஆர்டிடி, ஒரே மாதிரி கெட்டால்?

அதற்குத்தான் சரிபார்ப்புத் தெர்மாமீட்டர். தினமும் ஒருமுறை படித்து எழுத வேண்டியதே. மூன்று கேள்வி தொடர்ந்து இதைப் பற்றியே வந்துவிட்டன, ஆர்டிடி விவாதத்தை இத்தோடு விடுவோம்.

ஒரு ஆலைப் பொறியாளர்: எங்கள் ட்ரெண்டில் ரீஜென் வெப்பநிலை 20 நாள் ஒரே கோடு, பிறகு திடீரென்று ஒன்றரை டிகிரி கீழே குதிக்கிறது. அன்று ஒன்றும் நடக்கவில்லையே?

அன்று ஒன்றும் நடக்கவில்லை என்பது சரி. மாறினால் மட்டும் பதிவு செய் என்று வைத்து, டெட்பேண்ட் ஒரு சதவீதம் கொடுத்திருப்பீர்கள். ஆர்டிடி ரேஞ்ச் 0 முதல் 150 என்றால் ஒரு சதவீதம் ஒன்றரை டிகிரி. மதிப்பு அந்த அளவுக்கு நகரும்வரை லாக் தூங்கிக்கொண்டிருக்கும். நான் மேலே சொன்ன 2.8 டிகிரி இறக்கம் உங்கள் ஆலையில் ஒரே ஒரு படிக்கட்டாகத்தான் தெரிந்திருக்கும். அதையும் இடையில் நேர்கோடு இழுத்துக் காட்டும் திரை என்றால், இறக்கம் எந்த நாளில் தொடங்கியது என்பதே பொய்யாகிவிடும்.

இடம் மிச்சப்படுத்த வேண்டுமானால் நேரத்தில் மிச்சப்படுத்துங்கள், மதிப்பில் வேண்டாம். விநாடிக்கு ஒன்று என்றால் ஒரு டேகுக்கு நாளைக்கு 86,400 புள்ளி. நிமிடச் சராசரி என்றால் 1,440. மெல்ல நகரும் விஷயத்துக்கு நிமிடச் சராசரி தாராளம். டெட்பேண்டை ஆர்டிடியின் சாதாரண நடுக்கத்தைவிடக் கொஞ்சம் கீழே வையுங்கள். இன்னொன்று, அளவுகோலில் ஆட்டோவை அணையுங்கள். ஆட்டோ இருந்தால் 0.1 டிகிரி நடுக்கம் மலையாகத் தெரியும், மறுநாள் ஒரு சி.ஐ.பி. வந்தால் எல்லாம் தட்டையாகிவிடும்.

நான் பாய்லரில் இருக்கிறேன். ஃபர்னேஸ் அழுத்தம் நாலு விநாடிக்கு ஒருமுறை மேலும் கீழும் ஆடுகிறது, இது டிரிஃப்டா?

இல்லை, அது ஆட்டம். ட்யூனிங்கோ டேம்பரோ, பாய்லர் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

புராஜெக்ட் பொறியாளர்: வால்வு 55ஐத் தாண்டினால் அலாரம் என்று வைத்துவிட்டால் போதாதா? எதற்கு தினமும் பார்ப்பது?

உற்பத்தியின் கடைசி மணி நேரத்தில் நல்ல நாளிலேயே 55ஐத் தாண்டும். தினமும் அடிக்கும், ஒரு வாரத்தில் ஆபரேட்டர் காது அதைக் கேட்காது. தொடங்கிய 30ஆவது நிமிட மதிப்பை மட்டும் எந்திரத்தை இயக்கும் பி.எல்.சி.யில் பிடித்துவைத்து, அதற்கு எல்லை போடுங்கள்.

அதே பொறியாளர்: பால் ஓட்டம் நாளுக்கு நாள் மாறுகிறது. அப்போது அந்த எல்லையும் தப்புதானே?

தப்புதான். ஓட்டத்தால் வகுத்துத் திருத்தலாம், ஆனால் வால்வு நேர்விகிதமாக இல்லாவிட்டால் அதுவும் தப்பும். ஓட்டம் அடிக்கடி மாறும் ஆலையில் அலாரமே வேண்டாம், ரீஜெனின் சதவீதத்தைப் போடுங்கள் என்பது என் கட்சி. அதுவும் ஓட்டத்தோடு கொஞ்சம் மாறும், வால்வு அளவுக்கு இல்லை. அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கள் பேனலில் போன வாரத்துக்கு முந்தைய அலாரமே இல்லை. யாராவது அழித்திருப்பார்களா?

யாரும் அழிக்கவில்லை. பேனலின் நினைவகம் சுற்றிச் சுற்றி எழுதும். ஒரு லெவல் சுவிட்ச் இரவெல்லாம் படபடவென்று அடித்திருந்தால் பழையதெல்லாம் வெளியே தள்ளப்பட்டிருக்கும். அந்தச் சுவிட்சுக்கு ஆஃப் டிலே கொடுங்கள், வாராவாரம் கோப்பாக வெளியே எடுத்துவையுங்கள். எடுக்கும்போது பி.எல்.சி. கடிகாரமும் பேனல் கடிகாரமும் ஒன்றா என்று பாருங்கள்.

எந்த எச்.எம்.ஐ. ட்ரெண்டுக்கு நல்லது?

மேலே பாருங்கள்.

திரையில் ஆட்டோ ஸ்கேல் போட்டால் நன்றாகத் தெரிகிறதே?

அணையுங்கள். மறுபடி மறுபடி சொல்கிறேன், அணையுங்கள்.

ஆபரேட்டர்: எங்களுக்கு ட்ரெண்டில் டேக் சேர்க்க அனுமதி இல்லை. நான் என்ன செய்வது அக்கா?

பேனாவை எடுங்கள். உற்பத்தி தொடங்கி 30 நிமிடத்தில் நாலு எண்: உள்ளே வரும் பால், ரீஜென் வெளியீடு, சுடுநீர், வால்வு. பக்கத்தில் பால் ஓட்டம். முந்தின இரவு சி.ஐ.பி. ஃப்ளோ அலாரம் எத்தனை தடவை வந்தது என்பதையும் ஒரு கட்டத்தில் எழுதிவையுங்கள். மேலே சொன்ன டெய்ரியில் ரீஜெனுக்கு எங்களிடம் இருந்ததும் அந்தப் புத்தகம்தான், ட்ரெண்ட் இல்லை.