‘சில நாள் அவகாசம்’ என்றால் எத்தனை நாள்?

வணக்கம். எனக்குக் கல்லூரியில் இரண்டாம் தவணைக் கட்டணம் 40,000 ரூபாய். கடைசி நாள் இம்மாதம் 10. கையில் 15,000 இருக்கிறது. அப்பாவுக்கு வரவேண்டிய ஒப்பந்தப் பாக்கி 20ஆம் தேதிதான் வரும். அலுவலகத்துக்கு இப்படி எழுதியிருக்கிறேன்: “எங்கள் குடும்பம் மிகுந்த கஷ்டத்தில் உள்ளது. தாங்கள் பெரிய மனது வைத்து, கட்டணம் கட்ட இன்னும் சில நாள் அவகாசம் தருமாறு பாதம் பணிந்து வேண்டுகிறேன்.” திருத்தித் தர முடியுமா?
– ஒரு மாணவர்

அன்புள்ள மாணவருக்கு,

இதைப் படிக்கும் எழுத்தருக்கு இரக்கம் வரலாம். ஆனால் கோப்பில் என்ன குறிப்பு எழுதி மேலே அனுப்புவார்? எந்தத் தவணை, எவ்வளவு பாக்கி, எந்தத் தேதி வரை என்று எதுவுமே இதில் இல்லை. அதிகாரி கையெழுத்துப் போடுவது ஒரு தேதிக்குத்தான். தேதி இல்லாத கடிதம் ‘மாணவரை நேரில் வரச் சொல்லவும்’ என்று திரும்பி வரும். அதற்குள் கெடு தாண்டிவிடும்.

பணம் 20ஆம் தேதி வருமென்றால் 25 வரை கேளுங்கள். பாக்கிப் பணம் இரண்டு நாள் தள்ளி வருவது சகஜம். இரண்டாம் முறை அவகாசம் கேட்டுப் போனால் முதல் கடிதத்தின் மதிப்பும் போய்விடும். கையிலுள்ள 15,000-ஐ இப்போதே கட்ட முன்வருவதுதான் உங்களிடம் இருக்கும் பெரிய பலம், அதை விட்டுவிட்டீர்கள். பாதம் பணிவதெல்லாம் வேண்டாம், ‘பணிவுடன்’ போதும்.

“பொருள்: இரண்டாம் தவணைக் கட்டணத்தின் மீதியைச் செலுத்த 25ஆம் தேதி வரை அவகாசம் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

நான் (பெயர், பதிவு எண், துறை, ஆண்டு). எனது இரண்டாம் தவணைக் கட்டணம் 40,000-ஐச் செலுத்தக் கடைசி நாள் இம்மாதம் 10. என் தந்தைக்கு வரவேண்டிய ஒப்பந்தத் தொகை 20ஆம் தேதி கிடைக்கவுள்ளதால் முழுத் தொகையையும் இப்போது செலுத்த இயலவில்லை. 15,000-ஐக் கடைசி நாளுக்குள் செலுத்திவிடுகிறேன். மீதி 25,000-ஐ 25ஆம் தேதிக்குள் செலுத்த அனுமதிக்குமாறும், அதுவரை தாமதக் கட்டணத்திலிருந்து விலக்களிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறேன். ஒப்பந்தத் தொகைக்கான கடிதத்தின் நகலை இணைத்துள்ளேன்.”

தாமதக் கட்டண வரியை நீக்கிவிடாதீர்கள். பல இடங்களில் அபராதத்தைக் கணினியே கடைசி நாளை வைத்துக் கணக்கிடும். அவகாசம் கிடைத்தாலும், விலக்கு என்று தனியாக உத்தரவு இல்லாவிட்டால் மீதியைக் கட்டும்போது அபராதமும் சேர்ந்து நிற்கும். இணையவழிக் கட்டண முறை பகுதித் தொகையை ஏற்காமலும் போகலாம். 15,000-ஐ எப்படிக் கட்டுவது என்று கணக்குப் பிரிவில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

துறைத் தலைவரின் பரிந்துரைக் கையெழுத்து தேவையா என்றும் அங்கேயே விசாரியுங்கள். கெடுவுக்கு ஐந்தாறு நாள் முன்பே கடிதத்தைக் கொடுத்து, உங்கள் நகலில் பெற்றுக்கொண்ட தேதியும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். வாய்மொழியாக ‘சரி, கட்டு’ என்பார்கள். மீதியைக் கட்டப் போகும் நாளில் கவுண்ட்டரில் வேறொருவர் உட்கார்ந்திருக்கலாம்.