நாடித்துடிப்புச் செய்முறை: எண்ணிக்கை ஏன் மாறுகிறது, முடிவாக எதை எழுதலாம்

கேள்வி: ஏழாம் வகுப்புக்கு நாடித்துடிப்பும் உடற்பயிற்சியும் பற்றிச் செய்முறைப் பாடம் எடுக்கணும். ஒரே பிள்ளைக்கே ஒவ்வொரு தடவையும் வேற வேற எண் வருது. எப்படி நடத்துவது, முடிவாக என்ன எழுதச் சொல்வது?

பதில்:

இந்தப் பாடத்தை நான் பல வகுப்புகளுக்கு எடுத்திருக்கிறேன். எண் மாறுவதற்குப் பெரும்பாலும் காரணம் எண்ணும் நேரம்தான்.

உடற்பயிற்சியை நிறுத்தியதும் இதயத்துடிப்பு உடனே இறங்கத் தொடங்கிவிடும். முதல் நிமிடத்தில் இறக்கம் வேகமாக இருக்கும். ஓடி முடித்த பிள்ளையின் துடிப்பை 15 விநாடிக்கு ஒரு முறை குறித்தால் 37, 33, 30, 28 என்று வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். முழு நிமிடமும் எண்ணியவருக்குக் கிடைப்பது 128. முதல் 15 விநாடியை மட்டும் எண்ணி 4 ஆல் பெருக்கியவருக்கு 148. இரண்டு பேரும் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள். ஆனால் ஓட்டம் நின்ற நேரத்துத் துடிப்புக்கு 148தான் நெருக்கமானது. அதனால் எல்லோரும் 15 விநாடி, அதுவும் நிறுத்திய உடனே என்று முதலிலேயே பேசி வைத்துவிடுங்கள்.

நாடி பார்க்க மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமாக, எலும்பை ஒட்டிய பள்ளத்தில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் லேசாக வைக்க வேண்டும். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது, அதிலேயே துடிப்பு இருப்பதால் எண்ணுகிறவர் தன் நாடியையே எண்ணிவிடுவார். அழுத்திப் பிடித்தால் துடிப்பு மறைந்துவிடும். ஓட்டத்துக்குப் பின் கண்டுபிடிக்கத் திணறாமல் இருக்க, ஓய்விலேயே இடத்தைத் தேடிப் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இது சின்ன விஷயம்தான், ஆனால் நிறைய நேரம் மிச்சமாகும்.

ஓய்வு அளவுக்கு ஐந்து நிமிடமாவது பேசாமல் உட்கார வேண்டும். ஓடப்போகிறோம் என்ற பரபரப்பே துடிப்பைக் கூட்டிவிடும். எல்லா அளவையும் உட்கார்ந்தே எடுங்கள், ஏனென்றால் எழுந்து நின்றாலே துடிப்பு கொஞ்சம் ஏறும். இதயக் கோளாறு, மூச்சிரைப்பு, காய்ச்சல் உள்ள பிள்ளைகள் ஸ்டாப்வாட்ச் பிடிக்கட்டும். தலைசுற்றலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

ஒரு பிள்ளையின் அட்டவணையை மாதிரிக்குப் போடுகிறேன். எல்லாம் நிமிடத்துக்குத் துடிப்பு:

| நிலை | 1ஆம் முறை | 2ஆம் முறை | 3ஆம் முறை | சராசரி |
|---|---|---|---|---|
| உட்கார்ந்து ஓய்வு | 80 | 84 | 80 | 81 |
| 2 நிமிட நடை | 100 | 104 | 100 | 101 |
| 1 நிமிடம் நின்ற இடத்தில் ஓட்டம் | 140 | 148 | 156 | 148 |

இதில் கடைசி வரிசையைக் கவனியுங்கள். மற்ற இரண்டிலும் எண்கள் கொஞ்சம் மேலும் கீழுமாக இருக்கின்றன. ஓட்டத்தில் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ஒரே திசையில் இப்படி ஏறினால், முந்தைய ஓட்டத்திலிருந்து துடிப்பு முழுசாக இறங்குவதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிட்டார்கள் என்று முதலில் சந்தேகப்பட வேண்டும். அப்போது சராசரி 148 என்பதற்குப் பெரிய அர்த்தமில்லை. நம்பத் தகுந்தது 140 மட்டுமே.

இதற்குத் தீர்வு, ஒவ்வொரு முறைக்கும் முன்னால் மறுபடி 15 விநாடி எண்ணிப் பார்ப்பது. ஓய்வில் 20 வந்த பிள்ளைக்கு 21க்குள் இறங்கிய பிறகுதான் அடுத்த ஓட்டம். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால் ஒரே பாடவேளையில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்க்காதீர்கள். இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் ஓய்வெடுக்கும்போது மற்றவர் ஓடலாம்.

அப்புறம், ஒரு முறை எடுத்த எண்கள் எல்லாம் 4இன் மடங்காகவே இருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். ஒரு துடிப்பு கூடவோ குறையவோ எண்ணினால் விடையில் 4 மாறிவிடும். எனவே 80க்கும் 84க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. 81க்கும் 101க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துச் சொல்லலாம்.

முடிவாக இரண்டு வாக்கியம் போதும்: "நடந்தபோது துடிப்பு கூடியது, ஓடியபோது அதைவிடக் கூடியது. வேலை செய்யும் தசைகளுக்கு அதிக ஆக்சிஜன் தேவைப்படுவதால் இதயம் வேகமாக ரத்தத்தை அனுப்புகிறது." இதில் முதல் வாக்கியம் அட்டவணையிலிருந்து வருவது, இரண்டாவது பாடத்தில் படித்த விளக்கம். ஆக்சிஜனை யாரும் அளக்கவில்லை என்பதால் இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

"என் துடிப்பு அவனுடையதைவிடக் குறைவு, அதனால் என் இதயம்தான் பலமானது" என்று கட்டாயம் யாராவது எழுதுவார்கள். தொடர்ந்து பயிற்சி செய்பவரின் இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளும், அதனால் ஓய்வில் துடிப்பு குறைவாக இருக்கலாம் என்பது உண்மை. ஆனால் வயது, பதற்றம், முந்தைய இரவின் தூக்கம், எவ்வளவு வேகமாக ஓடினார் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த எண்ணைத் தருகின்றன. இந்த அட்டவணையில் ஒரு பிள்ளையின் ஓய்வை அதே பிள்ளையின் ஓட்டத்தோடு மட்டும்தான் ஒப்பிட முடியும்.