பெட்டியில் 64 ஜிபி, கையில் 41: எதை வைத்து வழக்குப் போடலாம்?

கேள்வி: 64 ஜிபி என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்த போனை வாங்கி 9 நாள் ஆகிறது. முதல் தடவை ஆன் செய்தபோது, ஒரு போட்டோகூட எடுக்காத நிலையிலேயே 22.4 ஜிபி போய்விட்டது, காலி 41.6 என்று காட்டியது. கம்ப்யூட்டரில் இணைத்தால் மொத்தமே 47.5, காலி 38.7. கடைக்காரர் எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டு, "எல்லா போனும் அப்படித்தான்" என்றார். 25 ஜிபியைத் திருடிவிட்டார்கள். மன உளைச்சலுக்கும் சேர்த்து இழப்பீடு கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். இரண்டு முறை ரீசெட் செய்து பார்த்தும் ஒன்றும் மாறவில்லை.

பதில்: கடைக்காரர் சிரித்தது வழக்கு ஆகாது. மன உளைச்சலையும் தற்போதைக்கு ஓரமாக வையுங்கள். நீங்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த 64-இல் ஒரு பகுதி உங்கள் உபயோகத்துக்குக் கிடைக்காது என்பதை, பணம் கொடுப்பதற்கு முன்பு, உங்கள் கண்ணில் படும் இடத்தில் யாராவது எழுதியிருந்தார்களா? 64-க்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்து, அதன் விளக்கம் பெட்டியிலோ விற்பனைப் பக்கத்திலோ இருந்தால் உங்கள் வழக்கு மெலிந்துவிடும். அந்த விளக்கம் போனை ஆன் செய்த பிறகு வரும் ஒப்பந்தத்தில் மட்டும் இருந்தால் உங்கள் கை ஓங்கும்.

சிக்கல் இருப்பது உங்கள் "25 ஜிபி"யில். இந்த மாதிரி வழக்கோடு வருபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். 64-இலிருந்து 38.7-ஐக் கழித்திருக்கிறீர்கள். அந்த இரண்டு எண்களும் ஒரே அளவுகோலில் எடுத்தவை அல்ல. சேமிப்புச் சில்லு விற்பவர்கள் ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். உங்கள் கம்ப்யூட்டர் 1024-ஐ மூன்று முறை பெருக்கி, ஏறக்குறைய 107.37 கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறது. கம்ப்யூட்டர் காட்டிய 38.7-ஐ 1.0737-ஆல் பெருக்கிப் பாருங்கள், போன் காட்டிய 41.6 வந்துவிடும். இடையில் உள்ள 2.9 ஜிபியை யாரும் எடுக்கவில்லை. அப்படி ஒரு இடமே கிடையாது.

இந்த அளவுகோல் சண்டையை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. பென்டிரைவ் கொள்ளளவு பற்றி சான்டிஸ்க் மீது கலிஃபோர்னியாவில் போட்ட வழக்கு 2020-இல் தள்ளுபடியானது. உறையிலேயே "1 ஜிபி = 1,000,000,000 பைட்" என்று அச்சிட்டிருந்ததே காரணம். மேல்முறையீட்டிலும் அந்த முடிவு மாறவில்லை. அதற்கு முன்பு, 2006-இல், வெஸ்டர்ன் டிஜிட்டல் சமரசத்துக்கு வந்தது. ஹார்ட் டிஸ்க் வாங்கியவர்களுக்குக் கிடைத்தது ஒரு இலவச பேக்கப் மென்பொருள்.

இனி மிச்சமுள்ள 22.4-ஐப் பிரிப்போம். கம்ப்யூட்டர் காட்டிய மொத்தம் 47.5. அதையும் 1.0737-ஆல் பெருக்கினால் 51 ஜிபி. போனில் உங்களுக்கென்று ஒதுக்கிய பகுதியின் முழு அளவு அதுதான். 64-இல் மீதி 13 ஜிபி, இயங்குதளமும் அதைச் சார்ந்த பகுதிகளும் உட்கார்ந்திருக்கும் இடம். தொழிற்சாலையிலேயே பிரித்துப் பூட்டியது அது. ரீசெட் உங்கள் 51-ஐத்தான் துடைக்கும், இந்தப் பக்கம் தொடவே தொடாது. இரண்டு முறை செய்தும் ஒன்றும் மாறாததற்குக் காரணம் இதுதான்.

51-இலிருந்து 41.6-ஐக் கழித்தால் 9.4 ஜிபி. இது உங்கள் பகுதிக்குள்ளேயே இருக்கிறது: முன்கூட்டியே ஏற்றிவைத்த ஆப்கள், இணையம் கிடைத்ததும் தானாக இறங்கிய அவற்றின் புதுப்பிப்புகள், ஆப் வேகமாகத் திறக்க போன் தயாரித்துவைக்கும் கோப்புகள். இதில் ஒரு பகுதியை நீங்களே அழித்து மீட்கலாம். மீட்க முடிகிற இடத்துக்கு நஷ்ட ஈடு கேட்டால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் கொண்டாட்டம்.

ஆகவே நோட்டீஸில் எழுதத் தகுந்த எண் 13. நீக்கவே முடியாத ஆப்கள் இருந்தால் அவற்றைத் தனியாகச் சேர்க்கலாம். 25 என்று எழுதி அனுப்பினால், அவர்களுடைய பொறியாளர் ஐந்து நிமிடத்தில் அதை உடைப்பார். அதன் பிறகு உண்மையான 13-ஐயும் நீதிபதி சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

செட்டிங்ஸ் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பி வராதீர்கள். பல ஆண்ட்ராய்டு போன்களில் அங்கே தெரியும் "மொத்தம் 64" அளந்து சொன்ன எண் அல்ல. கிடைத்த அளவை 32, 64, 128 என்ற விற்பனை எண்ணுக்கு உயர்த்திக் காட்டிவிட்டு, துண்டுவிழுவதை "சிஸ்டம்" கணக்கில் எழுதிவிடும். இயங்குதளத்தின் உண்மையான எடை அந்த வரியில் தெரியாது. யுஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, adb என்ற கருவியை நிறுவிய கம்ப்யூட்டரிலிருந்து இந்தக் கட்டளையைக் கொடுங்கள்:

```
adb shell df -k /data
```

மொத்த அளவைக் காட்டும் "1K-blocks" என்ற பத்தியில் வரும் எண்ணை 1024-ஆல் பெருக்கினால் பைட் கணக்கு வரும். திரையையும் போனின் ஐஎம்இஐ எண்ணையும் ஒரே வீடியோவில் பதிவு செய்யுங்கள். இந்த மொத்தம் உங்கள் ரீசெட்டால் மாறியிருக்காது என்பதால் தப்பித்தீர்கள். காலி இட எண் அப்படியில்லை. அது மணிக்கு மணி மாறும். முதல் நாள் எடுத்த படம் இல்லையென்றால் 41.6-ஐ நிரூபிக்கவே முடியாது. ஆன்லைனில் வாங்கியிருந்தால் விற்பனைப் பக்கத்தையும் தேதியோடு இன்றே சேமியுங்கள். புகார் போன மறுநாள் அங்கே ஒரு நட்சத்திரக் குறி முளைக்கலாம்.

இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாத ஒரு நிலை உண்டு. போனில் உள்ள சில்லு மிகச் சிறியதாக இருந்து, மென்பொருளைத் திருத்தி 64 என்று பொய் காட்டவைத்திருப்பார்கள். 35 ஜிபி அளவுக்கு வீடியோக்களைப் போனில் ஏற்றி, போனை அணைத்துப் போட்டு, முதலில் ஏற்றியதையும் கடைசியில் ஏற்றியதையும் திறந்து ஓட்டுங்கள். சில கோப்புகள் திறக்காமல் போனாலோ பாதியில் சிதைந்தாலோ, மேலே சொன்ன கணக்கையெல்லாம் மறந்துவிட்டு மோசடிப் புகார் கொடுங்கள். எல்லாம் சரியாக ஓடினால் உங்களிடம் இருப்பது உண்மையான 64 ஜிபி போன்.

அப்படியானால் வழக்கு வேண்டாம், போனைத் திருப்பிக் கொடுங்கள். 9 நாள் கடந்துவிட்டது. திருப்பிக்கொடுக்கும் கெடு உங்கள் ரசீதில் எத்தனை நாள் என்று இன்றே பாருங்கள். காரசாரமான நோட்டீஸுக்குப் பதில் வருமென்று காத்திருந்து கெடுவைத் தவறவிட்டவர்கள்தான் அதிகம். தொடர்ந்து உபயோகித்தால், பொருளை ஏற்றுக்கொண்டீர்கள் என்ற வாதத்துக்கும் நீங்களே சாட்சி ஆகிவிடுவீர்கள். முழுப் பணம் தருகிறார்களா, வித்தியாசத்தை வாங்கிக்கொண்டு 128 ஜிபி மாடல் தருகிறார்களா, எது கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு கவர், ஒரு கூப்பன் கொடுத்து ரசீதில் கையெழுத்துக் கேட்டால் மட்டும் நிதானியுங்கள். அதில் "முழு மற்றும் இறுதித் தீர்வாக" என்ற சொற்கள் இருந்தால், கையெழுத்திட்ட அந்த நிமிடமே 13 ஜிபியும் போச்சு, திருப்பிக்கொடுக்கும் உரிமையும் போச்சு. அந்த வரியை அடித்துவிட்டுத் தந்தால் மட்டும் கூப்பனை வாங்குங்கள்.