ஜெர்மனில் 'ஹால்ப் ட்ரை' என்றால் எத்தனை மணி?

"பல் டாக்டரிடம் போனில் 'ஹால்ப் ட்ரை' என்று நேரம் கொடுத்தார்கள். மூன்றரைக்குப் போனால் ஒரு மணி நேரம் தாமதம் என்கிறார்கள். தேதி, விலையெல்லாம்கூட இப்படித்தானா?"

அவர்கள் சொன்னது 2.30. 'ஹால்ப்' என்றால் அரை, 'ட்ரை' என்றால் மூன்று. ஜெர்மனில் 'ஹால்ப்' வரப்போகும் மணியைப் பார்த்துச் சொல்வது: மூன்றாவது மணியில் பாதி ஓடியிருக்கிறது. நாம் முடிந்த மணியோடு அரையைச் சேர்ப்பதால்தான் இந்தக் குழப்பம்.

அரை மணியை ஒட்டிய நிமிடங்களும் அதிலிருந்தே எண்ணப்படும். 'ஃப்யுன்ஃப் ஃபோர் ஹால்ப் ட்ரை' என்றால் இரண்டரைக்கு ஐந்து நிமிடம் முன், அதாவது 2.25. 'முன்' என்ற பொருளுள்ள ஃபோருக்குப் பதில் 'பின்' என்ற பொருளுள்ள 'நாஹ்' வந்தால் 2.35. ஜெர்மனியின் கிழக்கிலும் தெற்கிலும் பலர் 'ஃபியர்ட்டல் ட்ரை' என்பார்கள். 'ஃபியர்ட்டல்' என்றால் கால், ஆனால் அது 2.15. மூன்றே கால் என்று நினைத்துவிடாதீர்கள்.

சந்தேகம் வந்தால், "ஆல்ஸோ ஃபியர்ட்ஸேன் ஊர் ட்ரைஸிஹ்?" என்று கேளுங்கள். அதாவது 14.30-ஆ என்று. ரயில் நிலைய அறிவிப்பில் இந்த 24 மணிக் கணக்குதான், அங்கே ஹால்ப் கிடையாது.

தேதியில் இந்தச் சிக்கல் இல்லை. நாள் முதலில், அதுவும் 'மூன்றாம்' என்கிற மாதிரி: மே 3-ஆம் தேதியன்று என்பதற்கு 'ஆம் ட்ரிட்டன் மை'. மாதத்தையும் எண்ணால் சொல்வார்கள்: 'ஆம் ட்ரிட்டன் ஃப்யுன்ஃப்டன்'.

விலையிலும் ஹால்ப் வராது. 2,50 யூரோ 'ட்ஸ்வை ஃப்யுன்ஃப்ட்ஸிஹ்'தான். காதை ஏமாற்றுவது வேறொன்று: 3,49-இல் சென்ட்டை 'ஒன்பதும் நாற்பதும்' என்று ஒன்றின் இடத்தை முதலில் சொல்வார்கள். அவசரத்தில் அது 94 என்று கேட்கும். கல்லாவில் திரையைப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.