4கே டிவியில் எஸ்டி சேனல்: மெழுகு முகமும் வெள்ளைக் கோடும்

“புது 4கே டிவியில் எஸ்டி சேனல் பார்த்தால் முகமெல்லாம் மெழுகு மாதிரி, எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு. அப்ஸ்கேலிங் இருந்தும் ஏன்?”

படத்தைத் திரையின் அளவுக்குப் பெரிதாக்கும் அப்ஸ்கேலிங் விளிம்புகளைத்தான் கூர்மையாக்கும். ஒளிபரப்பில் வராத விவரத்தை அதனால் மீட்க முடியாது. இந்திய எஸ்டி படம் அதிகபட்சம் 720×576 புள்ளிகள். உங்கள் திரையோ 3840×2160. அதாவது இருபதில் ஒரு புள்ளிதான் ஒளிபரப்பிலிருந்து வருகிறது, மற்றவை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து டிவி கணித்து நிரப்புபவை. சட்டைக் காலர் போன்ற தெளிவான விளிம்பில் இக்கணிப்பு நன்றாகவே பலிக்கும். தோலின் நுண்துளைகள் சிக்னலிலேயே இல்லாததால் கன்னம் வழவழப்பாகிவிடும்.

வெள்ளைக் கோட்டுக்குப் பெரும்பாலும் இரட்டை வேலையே காரணம்: செட்டாப் பாக்ஸ் படத்தை 1080க்குப் பெரிதாக்கி அனுப்ப, டிவி அதை மறுபடியும் பெரிதாக்கிக் கூர்மையும் ஏற்றுகிறது.

1. டிவியில் ஷார்ப்னஸைப் படிப்படியாகக் குறைத்து, செய்திச் சேனலின் ஓடும் எழுத்தைக் கவனியுங்கள். கோடு மறையும் இடத்தில் நிறுத்துங்கள்.
2. பிறகு பாக்ஸின் வீடியோ அவுட்புட்டை 576p ஆக மாற்றி அதே சேனலை ஒப்பிடுங்கள். படம் மேம்பட்டால், பாக்ஸின் அப்ஸ்கேலிங்தான் கோளாறு.

ஆனால் 576pயில் எச்டி சேனல்களும் தரம் இறங்கிவிடும் என்பதால், பாக்ஸில் ஒவ்வொரு சேனலையும் அதன் அசல் அளவிலேயே அனுப்பும் ‘நேட்டிவ்’ வசதியோ ‘ஆட்டோ’ வசதியோ இருந்தால் அதையும் முயலுங்கள். கிரிக்கெட்டில் பந்து ஓடும்போது புல்வெளி கட்டம் கட்டமாக உடைவது ஒளிபரப்பாளர் வீடியோவைச் சுருக்கி அனுப்புவதால் வருவது. அப்ஸ்கேலிங் அந்தக் கட்டங்களையும் சேர்த்தே தெளிவாக்கிக் காட்டும்.